குழந்தையின் குறட்டையும் திறந்த வாயும்: அடினாய்டு வீக்கத்தை அறிதலும் கையாளுதலும்

சளி பிடித்திருக்கும் சில நாட்களில் குழந்தை குறட்டை விடுவதும் வாயைத் திறந்துகொண்டு உறங்குவதும் இயல்பானவை. சளி வடிந்ததும் அவை தாமாகவே நின்றுவிடும். ஆனால் 2 வயதுக்கும் 7 வயதுக்கும் இடைப்பட்ட ஒரு குழந்தை, சளி இல்லாத காலத்திலும், வாரத்தில் 3 இரவுகளோ அதற்கு மேலோ, அடுத்த அறைக்குக் கேட்கும்படி குறட்டை விட்டுக்கொண்டிருந்தால், அதை ‘அசந்து தூங்குகிறது’ என்று எடுத்துக்கொள்வது தவறு. இவ்வாறு வழக்கமாகக் குறட்டை விடும் குழந்தைகள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். உறக்கத்தில் மூச்சே தடைபடும் அளவுக்குச் செல்பவர்கள் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை. இவ்விரு பிரிவினரையும் பிரித்தறிவதும், பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காரணமாக அமையும் அடினாய்டு என்னும் சதையைப் புரிந்துகொள்வதும் இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அடினாய்டு இருக்கும் இடம்

மூக்குத் துளைகளின் வழியே உள்ளே செல்லும் காற்று, மேலண்ணத்துக்கு மேலே பின்னோக்கிச் சென்று, உள்நாக்கின் பின்புறமாகத் தொண்டைக்குள் இறங்குகிறது. காற்று இவ்வாறு திரும்பும் இடத்தில் உள்ள சிறு அறைக்கு மூக்குத்தொண்டை என்று பெயர். அந்த அறையின் கூரையிலும் பின்சுவரிலும் படர்ந்திருக்கும் நிணநீர்த் திசுவே அடினாய்டு. தொண்டையின் இருபுறமும் தெரியும் டான்சில்களைப் போலவே இதுவும் மூச்சோடு வரும் கிருமிகளை உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அறிமுகப்படுத்தும் வேலையைச் செய்கிறது. டான்சிலை வாயைத் திறந்தால் பார்த்துவிடலாம். அடினாய்டு மேலண்ணத்தின் மறைவில் இருப்பதால் டார்ச் விளக்கடித்துப் பார்த்தாலும் தெரியாது. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் மேயர் 1868இல் இந்தச் சதை வளர்ச்சியையும், அது மூக்கடைப்பையும் காது மந்தத்தையும் உண்டாக்குவதையும் விரிவாக எழுதும்வரை மருத்துவ உலகம் இதைப் பெரிதாகக் கவனிக்காததற்கு இந்த மறைவும் ஒரு காரணம்.

பேச்சுவழக்கில் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பது மூன்று வெவ்வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் அவ்வாறு சொல்லும்போது எந்தச் சதை என்று கேட்டுக்கொள்வது நல்லது. மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் உள்ள மடிப்புகள் ஒவ்வாமையால் வீங்குவது ஒன்று. மூக்குக்குள் திராட்சைபோல் தொங்கும் பாலிப் என்பது இன்னொன்று. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு மூன்றாவது. சிறு குழந்தைகளில் மிகுதியாகக் காணப்படுபவை முதலாவதும் மூன்றாவதும். பல குழந்தைகளுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அடினாய்டு பிறக்கும்போதே உள்ள உறுப்பு. முதல் சில ஆண்டுகளில், குறிப்பாக அங்கன்வாடியோ மழலையர் பள்ளியோ செல்லத் தொடங்கி அடிக்கடி சளி பிடிக்கும் காலத்தில், அது வேகமாகப் பருக்கிறது. அதைச் சூழ்ந்த எலும்பறையோ மெதுவாகத்தான் விரிகிறது. இதனால் 3 வயது முதல் 7 வயது வரை சதைக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தம் மிக நெருக்கமாகிறது. பின்னர் அறை பெரிதாகி, சதையும் சுருங்கத் தொடங்கி, பருவ வயதைத் தாண்டும்போது பெரும்பாலோருக்கு அது பெயரளவில்தான் எஞ்சுகிறது. எனவே ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதுவரை குழந்தை எப்படி மூச்சு விடுகிறது, எப்படி உறங்குகிறது, எப்படிக் கேட்கிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய கேள்வி.

குறட்டை பிறக்கும் விதம்

காற்றுப் பாதை சிறிது குறுகினாலும் அதன் தடை பன்மடங்கு கூடுகிறது. சீராகக் காற்று ஓடும் குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். அடினாய்டு மூக்குத்தொண்டையை அடைக்கும்போது, அதே அளவு காற்றை உள்ளே இழுக்கக் குழந்தை மார்பை வலுவாக விரிக்க வேண்டியிருக்கிறது. அவ்வாறு இழுக்கும்போது அடைப்புக்குக் கீழே உள்ள தொண்டையில் உறிஞ்சு விசை உண்டாகிறது. மெல்லிய உறிஞ்சுகுழலால் இளநீரை வேகமாக இழுத்தால் குழல் ஒட்டிக்கொள்வதுபோல, எலும்பின் தாங்குதல் இல்லாத தொண்டைச் சுவர்கள் உட்புறமாக இழுக்கப்படுகின்றன. அந்தச் சுவர்களும், மேலண்ணத்தின் பின்பகுதியான மென்னண்ணமும், குறுகிய இடத்தில் விரையும் காற்றால் அதிர்வதே குறட்டை ஒலி. ஒலி எழுவது தொண்டையில் என்றாலும், அதற்கான தடை மூக்குக்குப் பின்னால் இருக்கிறது.

பகலில் இதே குழந்தைக்கு இவ்வளவு இடர்ப்பாடு தெரிவதில்லை. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் விறைப்பாக இருந்து பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அந்த விறைப்பு தளர்கிறது. கனவு காணும் உறக்கக் கட்டத்தில் மிகவும் தளர்கிறது. கனவுறக்கம் இரவின் பிற்பாதியிலேயே மிகுதி என்பதால், முன்னிரவில் லேசாகக் குறட்டை விடும் குழந்தை விடியற்காலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் திணறுவது உண்டு. பெற்றோர் தாம் உறங்கப்போகும் நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று கருதிவிடுவதற்கு இதுவே காரணம்.

பாதை முழுவதும் ஒட்டிக்கொண்டால் மார்பு அசைந்தாலும் காற்று உள்ளே போவதில்லை. உறக்க மூச்சடைப்பு அல்லது ஸ்லீப் ஆப்னியா எனப்படுவது இதுதான். பெரியவர்களுக்கு 10 விநாடி நின்றால்தான் அது கணக்கில் சேரும். குழந்தைகளுக்கு இரண்டு மூச்சு விடும் நேரம் அடைபட்டாலே கணக்கில் சேரும். உறங்கும் 4 வயதுக் குழந்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 முதல் 25 முறை மூச்சு விடுவதால், அந்த நேரம் 5 அல்லது 6 விநாடிதான். அடைப்பு ஏற்படும்போது மூளை குழந்தையை அரைகுறையாக எழுப்பித் தசைகளை விறைக்கச் செய்து பாதையைத் திறக்கிறது. அப்போதுதான் திடீரென்ற பெருமூச்சும் புரளலும் தெரிகின்றன. இவ்வாறு இரவு முழுவதும் துண்டுதுண்டாகும் உறக்கத்தின் விளைவு, பெரியவர்களிடம் தெரிவதுபோல் பகல் தூக்கமாகத் தெரியாமல், குழந்தைகளிடம் எரிச்சல், அடம், ஓரிடத்தில் நில்லாத துறுதுறுப்பு, கவனக்குறைவு என்று பெரும்பாலும் வேறு உருவில் வெளிப்படுகிறது.

வாய்வழி மூச்சின் விளைவுகள்

மூக்கு அடைபட்ட குழந்தை வாயால் மூச்சு விடுவது கெட்ட பழக்கம் அன்று; அது தப்பிப் பிழைக்கும் வழி. ஆகவே வாயை மூடச்சொல்லிக் கண்டிப்பதும், தாடையைத் துணியால் கட்டுவதும், உதட்டில் பிளாஸ்திரி ஒட்டுவதும் பயனற்றவை மட்டுமல்ல, ஆபத்தானவையும்கூட. எனினும் வாய்வழி மூச்சு நீண்ட காலம் தொடர்ந்தால் சில விளைவுகள் வரும். மூக்கு காற்றை ஈரப்படுத்தி வெதுவெதுப்பாக்கித் தூசியை வடிகட்டுகிறது. வாய்க்கு அந்த வசதி இல்லாததால் உதடும் ஈறும் உலர்கின்றன, தலையணை எச்சிலால் நனைகிறது, காலையில் வாய் நாறுகிறது. வாயை மூடி மூச்சு விடும்போது மேலண்ணத்தில் ஒட்டி நிற்க வேண்டிய நாக்கு கீழே தங்கிவிடுவதால், மேல்தாடை அகலமாக வளரத் தேவையான தாங்குதல் குறைகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்த குழந்தைகளிடம் குறுகி உயர்ந்த அண்ணம், நெருக்கிய பற்கள், நீண்ட முகம், மேலுதடு தூக்கிய தோற்றம் ஆகியவை சேர்ந்து காணப்படுவதை மருத்துவர்கள் அடினாய்டு முகம் என்கின்றனர். முகத்தின் அமைப்பில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பதால், இத்தகைய முகம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அடினாய்டு வீக்கம் இருக்கும் என்று முடிவு கட்ட இயலாது.

இதைவிடப் பெற்றோர் தவறவிடும் விளைவு காதில் நிகழ்வது. நடுச்செவியிலிருந்து மூக்குத்தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் வருகிறது; செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தம் சமமாக இருக்க அது உதவுகிறது. அதன் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், சதையின் நெருக்கத்தாலும் அதில் தங்கும் கிருமிகளாலும் குழல் சரியாக இயங்காமல், நடுச்செவியில் பசை போன்ற நீர் கோத்துக்கொள்கிறது. இதில் வலியோ சீழோ பெரும்பாலும் இருக்காது. குழந்தைக்கு மெல்லிய பேச்சு மட்டும் கேட்காமல் போகும். தொலைக்காட்சி ஒலியைக் கூட்டுவது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதிருப்பது, ‘ஆங்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது ஆகியவற்றுக்கு அலட்சியம்தான் காரணம் என்று நினைத்து வையப்படும் குழந்தைகள் பலர்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதல் சோதனை கேட்டறிவது. மெல்லின எழுத்துகளை ஒலிக்க மூக்கு வழியே காற்று செல்ல வேண்டும். அது அடைபட்டால் ‘மாமா’ என்பது ‘பாபா’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும், ‘அம்மா’ என்பது ‘அப்பா’ என்பதுபோலக் கேட்கும். குழந்தையை ‘அம்மா, மாமா, மீன்’ என்று சொல்லச்சொல்லி, பிறகு அதன் மூக்கை இரு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லச்சொல்ல வேண்டும். இயல்பான மூக்கு என்றால் பிடித்ததும் ஒலி பளிச்சென மாறும்; இரண்டு முறையும் ஒலி ஒன்றுபோலவே இருந்தால் மூக்கு ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. இரண்டாவது சோதனைக்கு ஒரு குளிர்ந்த எவர்சில்வர் கரண்டி போதும்: வாய் மூடியிருக்கும்போது மூக்குத் துளைகளுக்குக் கீழே பிடித்தால் இருபுறமும் ஆவி படிய வேண்டும், இருபுறமும் மங்கலாகவோ படியாமலோ இருந்தால் அடைப்பு உண்டு என்று பொருள். ஒருபுறம் மட்டும் படியாமல், அந்தப் பக்கத்திலிருந்து நாற்றமுள்ள சளியும் வடிந்தால், அது அடினாய்டைவிட மூக்குக்குள் குழந்தை போட்டுக்கொண்ட பாசியாகவோ பயறாகவோ இருக்கும் வாய்ப்பு அதிகம். அதற்கு அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

மூன்றாவது சோதனையே தலையாயது: கைப்பேசியில் எடுக்கும் காணொளி. விடியற்காலையில், மங்கலான விளக்கு வெளிச்சத்தில், சட்டையை விலக்கி, முகமும் மார்பும் வயிறும் ஒன்றாகத் தெரியும்படி, ஒலியோடு 5 முதல் 10 நிமிடம் வரை எடுக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை மூன்று. மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழ, மார்பு உள்வாங்குகிறதா, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுகிறதா என்பது ஒன்று. குறட்டை திடீரென்று நின்று, மார்பு மட்டும் அசைந்துகொண்டிருந்து, பிறகு செருமலோடு மீண்டும் தொடங்குகிறதா என்பது இரண்டு. தலையைப் பின்னுக்கு மிகவும் சாய்த்தோ, முழங்காலிட்டுக் குப்புறப் படுத்தோ, அறை குளிர்ந்திருந்தும் வியர்த்தோ உறங்குகிறதா என்பது மூன்று. நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உதடு நீலமாவதோ, விழித்திருக்கும்போதே மூச்சிழுக்கத் திணறுவதோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காததோ காணப்பட்டால் காணொளி எடுத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவர் உறுதி செய்யும் முறை

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் டான்சிலின் அளவையும், மூக்கின் உட்புறத்தையும், செவிப்பறையையும் பார்ப்பார். அடினாய்டை நேரில் காண, மெல்லிய வளையும் எண்டாஸ்கோப்பை மூக்கு வழியே செலுத்துவதே சிறந்த முறை. ஒத்துழைக்கும் குழந்தைக்கு இது ஓரிரு நிமிட வேலை. அது இயலாதபோது கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. அந்தப் படத்தில் மண்டையோட்டின் அடியெலும்பிலிருந்து சதை மிகவும் புடைத்திருக்கும் இடம் வரையுள்ள தடிமனை, எலும்புக்கும் மேலண்ணத்தின் பின்விளிம்புக்கும் இடையிலுள்ள மொத்த இடைவெளியால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். 1979இல் வெளிவந்த இந்த அளவீட்டு முறையில், 0.8க்கு மேற்பட்டால் அடினாய்டு பெரிது என்று கொள்ளப்படுகிறது. நலமாக உள்ள நான்கரை வயதுக் குழந்தைகளுக்கே சராசரி ஏறத்தாழ 0.59 இருக்கும். எனவே ‘பாதி இடத்தை அடைத்திருக்கிறது’ என்று அறிக்கையில் இருப்பது மட்டுமே அஞ்சத்தக்கதன்று. மேலும், படம் எடுக்கும்போது குழந்தை அழுதாலோ விழுங்கினாலோ மென்னண்ணம் மேலெழுந்து, இருப்பதைவிடப் பாதை குறுகியதாகத் தெரியும்; வாய் மூடி, மூக்கால் மூச்சிழுக்கும் நேரத்தில் எடுத்த படமே நம்பத்தக்கது.

காதில் நீர் கோத்திருப்பதை அறிய, செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி என்னும் வலியற்ற சோதனை செய்யப்படும். கோடு மேடில்லாமல் தட்டையாக வந்தால் நீர் உண்டு எனலாம். இரவு முழுவதும் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பதியும் உறக்க ஆய்வு எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படுவதில்லை. 2 வயதுக்குக் குறைந்தவர்கள், உடல்பருமன் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் அல்லது முக எலும்புக் குறைபாடு உள்ளவர்கள், சோதனையில் காண்பதும் பெற்றோர் சொல்வதும் ஒத்துவராதவர்கள் ஆகியோருக்கே அது முக்கியம். அந்த ஆய்வில் மணிக்கு ஒன்றுக்கு மேல் மூச்சடைப்பு நேர்ந்தாலே குழந்தைக்கு அது இயல்பன்று. 10க்கு மேல் என்றால் கடுமையானது.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கரை வயதும் 15 கிலோ எடையும் உள்ள ஒரு சிறுவனின் நிலையைக் கொண்டு முடிவெடுக்கும் வழியைப் பார்க்கலாம். 8 மாதங்களாக அன்றாடக் குறட்டை. வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆசிரியை ‘கூப்பிட்டால் கவனிப்பதில்லை’ என்கிறார். எக்ஸ்ரேயில் சதையின் தடிமன் 16 மி.மீ., மொத்த இடைவெளி 20 மி.மீ., ஆகவே விகிதம் 0.8. டான்சில்கள் சிறியவை. இரு காதிலும் டிம்பனோமெட்ரி கோடு தட்டை. காணொளியில் மார்பு சற்றே உள்வாங்குகிறது, மூச்சு நிற்கவில்லை.

சதையின் அளவு மட்டும் கருதப்பட்டால் உடனே அறுவை என்று தோன்றும். ஆனால் மூச்சடைப்பு தெரியாததால், முதலில் மருந்து முயன்று பார்க்கக் கால அவகாசம் இருக்கிறது. உப்புநீரால் மூக்கைக் கழுவியபின், மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பு மருந்து நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு துளையிலும் 50 மைக்ரோகிராம் கொண்ட ஒரு தெளிப்பு என்று மருத்துவர் எழுதித் தருகிறார்; 2 முதல் 11 வயதுக்கு இதுவே வழக்கமான அளவு. இது உடனே அடைப்பை நீக்கும் மருந்து அன்று. வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் சதையின் வீக்கமும் ஒவ்வாமையும் தணியும். தலையைச் சற்றே முன்னுக்குச் சாய்த்து, தெளிப்பானின் முனையை நடுச்சுவரை நோக்கி வைக்காமல் அதே பக்கக் காதை நோக்கி வைத்து அழுத்த வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் மூக்கில் ரத்தம் வரலாம், மருந்தும் போய்ச் சேராது. வலுவாக உறிஞ்சினால் மருந்து தொண்டையில் இறங்கிவிடும் என்பதால் இயல்பாக மூச்சிழுத்தால் போதும்.

8 வாரம் கழித்துக் குறட்டை வாரத்தில் இரண்டு மூன்று இரவுகளாகக் குறைந்திருக்கிறது; 3 மாத முடிவிலும் காதில் நீர் வடியவில்லை, செவித்திறன் சோதனையில் இரு காதிலும் 35 டெசிபல் இழப்பு இருக்கிறது. இப்போது முடிவு மாறுகிறது. பேச்சும் எழுத்தும் கற்கும் வயதில் மாதக்கணக்காகக் காது மந்தமாயிருப்பதால், அடினாய்டை நீக்கிச் செவிப்பறையில் காற்று செல்ல ஒரு சிறு குழாய் வைப்பது பொருத்தமானது. இதே விகிதம் 0.8 உள்ள இன்னொரு குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்டு, குறட்டையும் மருந்தால் அடங்கியிருந்தால், அறுவை தேவையில்லை. விகிதம் 0.7 மட்டுமே இருந்தும் காணொளியில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கோ மருந்துக்காக மாதக்கணக்கில் காத்திருத்தல் சரியன்று.

காத்திருத்தலுக்கு அறிவியல் ஆதாரமும் உண்டு. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கடுமையற்ற மூச்சடைப்பு உள்ள 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு டான்சிலும் அடினாய்டும் நீக்கப்பட்டன, மறுபாதியினர் கண்காணிக்கப்பட்டனர். 7 மாதத்தில் அறுவை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கும், செய்யாதவர்களில் 46 சதவீதத்தினருக்கும் உறக்க ஆய்வு இயல்பாகியது. நடத்தை, அன்றாட நலம் ஆகியவற்றில் அறுவை செய்தவர்கள் முந்தினர். கவனத்தையும் செயல்திறனையும் அளந்த தேர்வில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

காத்திருக்கும் காலத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. உடனே மூக்கைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகித் திரும்பும். மூக்கில் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ விடுவதால் அது நுரையீரலுக்குள் இறங்கி நோயுண்டாக்கலாம். கற்பூரம் கலந்த தைலம் தவறி வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். எனவே குழந்தையின் மூக்கடியில் அதைத் தடவுவது கூடாது. சிகரெட் புகை, கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை ஆகியவை உறங்கும் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்வது, எந்த மருந்துக்கும் துணை நிற்கும்.

அறுவையும் அதன் பின்னும்

அடினாய்டு அறுவை முழு மயக்கத்தில், வாய் வழியாகவே செய்யப்படுகிறது. முகத்திலோ கழுத்திலோ தழும்பு இராது. சுரண்டி எடுத்தல், சுழலும் கத்தியால் சிறிது சிறிதாக அகற்றுதல், குறைந்த வெப்பத்தில் திசுவைக் கரைக்கும் கோப்ளேஷன் எனப் பல முறைகள் உண்டு. சதையை எடுக்கும் வேலை பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முன்கூட்டியே பெற்றோர் சொல்ல வேண்டியவை இரண்டு: குடும்பத்தில் யாருக்கேனும் எளிதில் ரத்தம் நிற்காத நோய் உண்டா என்பதும், குழந்தை பால் குடிக்கும்போது மூக்கு வழியே வருவது வழக்கமா என்பதும். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் அண்ணத்தில் மறைவான பிளவு இருக்கக்கூடும். அத்தகைய குழந்தைக்கு அடினாய்டை முழுவதும் எடுத்துவிட்டால் பேச்சு மூக்கு வழியே ஒழுகும், குடிக்கும் நீரும் மூக்கில் வரும். அறுவைக்கு முன் திட உணவை 6 மணி நேரமும் தெளிந்த நீரை 2 மணி நேரமும் நிறுத்துவது பொது விதி. மயக்க மருந்து நிபுணர் சொல்லும் நேரமே இறுதியானது. காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லித் தேதியைத் தள்ளிப்போட வேண்டும்.

அறுவை முடிந்த சில நாட்கள் வீக்கத்தால் குறட்டை தொடர்வதும், ஒரு வாரத்துக்கு மேல் வாய் நாற்றம் இருப்பதும், பேச்சு சற்று மாறுவதும் இயல்பு. வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 6 மணிக்கு ஒரு முறை தரலாம். மேற்கண்ட 15 கிலோ சிறுவனுக்கு அது 225 மி.கி., அதாவது 5 மி.லி.க்கு 250 மி.கி. கொண்ட மருந்தில் 4.5 மி.லி. கடைகளில் 120, 125 மி.கி. வலிமையுள்ள புட்டிகளும் கிடைப்பதால் லேபிளைப் படிக்காமல் அளக்கக் கூடாது. ஆஸ்பிரினும், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கலந்த மருந்தும் தரக் கூடாது. இட்லி, ஆறிய கஞ்சி, தயிர்சாதம் எல்லாம் கொடுக்கலாம். குளிர்ச்சி ஆகாது என்று தயிரை மறுக்க வேண்டியதில்லை. புதிய சிவப்பு ரத்தம் வாயிலோ மூக்கிலோ வருவதும், உறக்கத்தில் குழந்தை அடிக்கடி எச்சில் விழுங்குவதுபோல் விழுங்கிக்கொண்டே இருப்பதும் ரத்தக்கசிவின் அறிகுறிகள். முதல் 24 மணி நேரத்திலும், பிறகு 5ஆம் நாள் முதல் 10ஆம் நாள் வரையிலும் இவற்றைக் கவனித்து, கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். கழுத்து ஒருபுறம் சாய்ந்தே இருந்து, திருப்பினால் வலித்தால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

அடினாய்டை எடுத்தால் நோய் எதிர்ப்பு ஆற்றல் போய்விடும் என்ற அச்சத்தால் தேவையான அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அதே வேலையைச் செய்யும் நிணநீர்த் திசு தொண்டையிலும் குடலிலும் வேறு இடங்களிலும் நிறைய உண்டு. சிறு வயதிலேயே எடுத்தால் சில குழந்தைகளுக்குச் சதை மீண்டும் வளர்வது உண்டு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அறுவைக்குப் பிறகும் மூக்கடைப்பு நீடிக்கலாம். அதற்குக் காரணம் அறுவையின் தோல்வியன்று, ஒவ்வாமைக்குத் தனி மருத்துவம் தேவைப்படுவதே. 3 மாதம் கழித்து மீண்டும் ஒரு முறை விடியற்காலைக் காணொளி எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டால் பயன் கிடைத்ததா என்பது தெரிந்துவிடும்.

ஆகவே மருத்துவரிடம் செல்லும் பெற்றோர், எக்ஸ்ரே மட்டும் எடுத்துச் செல்வதோடு நிற்காமல், குறட்டை வரும் இரவுகளை இரண்டு வாரம் குறித்த தாளையும், விடியற்காலையில் எடுத்த காணொளியையும், காதைப் பற்றிய கேள்வியையும் உடன்கொண்டு செல்ல வேண்டும். அறுவையா, மருந்தா, காத்திருத்தலா என்பதைத் தீர்மானிப்பது சதையின் அளவு அன்று, அந்தக் குழந்தையின் மூச்சும் உறக்கமும் கேட்கும் திறனுமே.